பேர் ரெண்டு, பணம் ஒருவருடையது: ஜாயின்ட் எஃப்.டி. வட்டிக்கு யார் வரி கட்டுவது?

வங்கியில் இரண்டு பேர் பெயரில் ஒரு எஃப்.டி. இருக்கிறது, அதில் போட்ட பணம் முழுக்க ஒருவருடையது. வட்டி வருகிறது. அந்த வட்டியை யாருடைய வருமானமாகக் காட்ட வேண்டும்? இதைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "யார் பெயர் முதலில் இருக்கிறதோ அவருடையது" என்பது ஒன்று, "ஆளுக்குப் பாதி" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. இந்திய வருமான வரிச் சட்டப்படி, பணம் யாருடையதோ வட்டியும் அவருடையது, முழுவதும். பெயர் முதலில் இருக்கிறதா இரண்டாவதாக இருக்கிறதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியென்றால் இவ்வளவு குழப்பம் ஏன்? வங்கிக்குப் பணம் யாருடையது என்று தெரியாது, அதைக் கேட்கவும் மாட்டார்கள். முதலில் இருக்கும் பெயரின் பான் எண்ணை எடுத்து, அதில் வட்டியை ஏற்றி, அதிலேயே டி.டி.எஸ். பிடித்து வருமான வரித் துறைக்கு அனுப்பிவிடுவார்கள். வருமானம் ஒருவருடையது, அது பதிவாகும் பான் இன்னொருவருடையது. இந்த இடைவெளியை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

முதலில், ஜாயின்ட் கணக்கு என்றால் சட்டத்தின் கண்ணில் என்ன என்று பார்த்துவிடுவோம். எஃப்.டி. ரசீதில் 'ஈதர் ஆர் சர்வைவர்' என்று போட்டிருப்பார்கள், இருவரில் யார் வந்து கேட்டாலும், ஒருவர் இறந்துவிட்டால் மற்றவருக்கும், பணத்தைக் கொடுக்கலாம் என்று அர்த்தம். இது வங்கிக்கு நாம் கொடுக்கும் அனுமதி. சரியான ஆளிடம்தான் கொடுத்தோமா என்ற பொறுப்பிலிருந்து வங்கியை இது விடுவிக்கிறது, அவ்வளவுதான். பணத்தில் யாருக்கு எவ்வளவு சொந்தம் என்பதை இது தீர்மானிப்பதில்லை. இது புதிதாகக் கிளம்பிய வாதமும் இல்லை. 1928-இல் குரான் தித்தா வழக்கில், அன்றைய உச்ச நீதி அமைப்பான பிரிவி கவுன்சில் இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. கணவர் தன் பணத்தைத் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்த்து, இருவரில் யாருக்கும் அல்லது உயிரோடு இருப்பவருக்கு என்று வங்கியில் போட்டுவிட்டு இறந்துபோனார். பணம் மனைவிக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டதா? இங்கிலாந்துச் சட்டத்தில் கணவர் மனைவி பெயரில் பணம் போட்டால் அது பரிசு என்று எடுத்த எடுப்பிலேயே கருதுவார்கள். இந்தியாவில் அப்படிக் கருத முடியாது, பரிசாகக் கொடுக்கும் எண்ணம் இருந்தது என்பதற்கு வேறு ஆதாரம் இல்லையென்றால் பணம் போட்டவருக்கே அது சொந்தம் என்று தீர்ப்பு வந்தது. பெயரைச் சேர்ப்பது பரிசு ஆகாது. கட்டுரையின் மற்ற எல்லாமே இந்த ஒரு வரியிலிருந்து வருகிறது.

இப்போது ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 68 வயது, அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்தில் இருக்கிறார், வருடத்துக்கு 3,60,000 ரூபாய் பென்ஷன். ஓய்வுக்காலப் பணத்தில் 15 லட்சத்தை எஃப்.டி. போடுகிறார். மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார், வங்கிக்கு அலைவது, மொபைலில் பார்ப்பது எல்லாம் அவர்தான், அதனால் வசதிக்காக அவர் பெயர் முதலில், அம்மா பெயர் இரண்டாவது. வட்டி 7 சதவீதம், ஆண்டுக்கு 1,05,000 ரூபாய். நாம் பார்ப்பது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான ஆண்டு, இருவரும் புதிய வரி முறையில் இருக்கிறார்கள்.

வங்கி என்ன செய்யும்? முதல் பெயர் மகனுடையது, அவர் மூத்த குடிமகன் இல்லை, எனவே ஆண்டு வட்டி 50,000-ஐத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ். 10,500 ரூபாய் பிடித்துவிடுவார்கள். (அதே வங்கியில் மகனுக்குத் தனியாக வேறு எஃப்.டி. இருந்தால் அந்த வட்டியையும் இதோடு கூட்டித்தான் வரம்பைப் பார்ப்பார்கள், இது பலருக்குத் தெரிவதில்லை.) மகனுடைய 26ஏ.எஸ். படிவத்திலும் ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் இந்த வட்டியும் டி.டி.எஸ்ஸும் வந்து உட்கார்ந்திருக்கும். அம்மாவின் அறிக்கையில் இந்த வட்டியைப் பற்றி ஒன்றுமே இருக்காது.

மகன் ரிட்டர்ன் போட உட்காருகிறார், ஏ.ஐ.எஸ்ஸில் இருப்பதை அப்படியே ஏற்றுக்கொண்டு வட்டியையும் தன் வருமானத்தில் சேர்த்துவிடுகிறார். நிலையான கழிவு போக அவருடைய சம்பளம் 17 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 16 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 20 சதவீத வரி. 1,05,000-க்கு 21,000, அதன்மேல் 4 சதவீத செஸ் 840, ஆக 21,840 ரூபாய். ஏற்கெனவே பிடித்த 10,500 போக இன்னும் 11,340 கையிலிருந்து கட்டுகிறார்.

அம்மா காட்டியிருந்தால்? பென்ஷன் 3,60,000, வட்டி 1,05,000, கூட்டினால் 4,65,000. பென்ஷனுக்கும் 75,000 நிலையான கழிவு உண்டு, அது போக 3,90,000. புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. எனவே வரி பூஜ்யம், பிடித்த 10,500-ம் திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். ஆக, தன்னுடையது அல்லாத வருமானத்துக்கு மகன் 21,840 கட்டியிருக்கிறார். அதற்காக 'யாருக்கு வரி குறைவோ அவர் காட்டலாம்' என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. அம்மா காட்டுவது சரியாக இருப்பதற்கு ஒரே காரணம், அது அம்மாவின் பணம். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வரி கூடினாலும் பணத்துக்குச் சொந்தக்காரர்தான் காட்ட வேண்டும், அதற்குப் பிறகு வருவோம்.

சரி, அந்த 10,500-ஐ எப்படி அம்மா பக்கம் கொண்டுவருவது? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வட்டி அம்மாவுடையது என்று புரிந்துகொண்டு மகன் தன் ரிட்டர்னில் வட்டியைக் காட்டாமல் விடுகிறார், ஆனால் தன் பானில் இருக்கிறதே என்று டி.டி.எஸ்ஸை மட்டும் எடுத்துக்கொள்கிறார். இது கூடாது. வருமானம் யார் கணக்கில் வரிக்கு வருகிறதோ அவருக்குத்தான் டி.டி.எஸ். வரவு, இரண்டையும் பிரிக்க முடியாது.

இதற்காகவே வருமான வரி விதிகளில் 37BA என்று ஒன்று இருக்கிறது. அதன் இரண்டாவது உட்பிரிவு சொல்வது எளிமையானது: வரி ஒருவர் பெயரில் பிடிக்கப்பட்டு, வருமானம் இன்னொருவருடையதாக இருந்தால், வரவை அந்த இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முதல் பெயர்க்காரரான மகன் வங்கியில் ஒரு உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டும். அம்மாவின் பெயர், முகவரி, பான், எந்த எஃப்.டி.யின் வட்டி, ஏன் வரவு அம்மாவுக்குப் போக வேண்டும் என்ற காரணம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். காரணத்தைச் சுற்றி வளைக்காமல் "இந்த வைப்பின் தொகை முழுவதும் என் தாயாரின் சேமிப்புக் கணக்கிலிருந்து வந்தது, அவரே இதன் உரிமையாளர், வசதிக்காக மட்டுமே என் பெயர் சேர்க்கப்பட்டுள்ளது" என்று எழுதினால் போதும். அதை வாங்கிக்கொண்ட பிறகு வங்கி டி.டி.எஸ். விவரத்தை அம்மாவின் பானில் துறைக்கு அனுப்ப வேண்டும், சான்றிதழையும் அம்மா பெயரில் தர வேண்டும். எஃப்.டி. போடும் நாளிலேயே கொடுத்துவிடுவது நல்லது. வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த விவரத்தைத் தாக்கல் செய்கிறது, தாக்கல் செய்துவிட்டால் பிறகு திருத்தம் போடச் சொல்லிக் கிளைக்கு அலைய வேண்டிவரும். கவுண்டரில் இருப்பவருக்கு இந்த விதியே தெரியாமல் இருக்கலாம், அதனால் விதி எண்ணைக் கடிதத்தின் தலைப்பிலேயே எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதம் கொடுக்கவில்லை, ஆண்டும் முடிந்துவிட்டது என்றால்? ரிட்டர்ன் வழியாக ஒரு பாதை இருக்கிறது. ஐ.டி.ஆர்-2 படிவத்தில் டி.டி.எஸ். அட்டவணையில், இந்த வரவு உங்களுடையதா அல்லது 37BA(2) விதிப்படி வேறொருவருடையதா என்று கேட்கும் கட்டங்கள் உள்ளன. மகன் தன் ரிட்டர்னில் அந்த 10,500-ஐக் குறிப்பிட்டு, தான் எடுத்துக்கொள்ளாமல், அம்மாவின் பானைக் கொடுத்து அவர் பக்கம் தள்ளுகிறார். அம்மா தன் ரிட்டர்னில் அதே தொகையை, மகனின் பானைக் குறிப்பிட்டு, வேறொருவர் பெயரில் பிடித்த வரி என்று எடுத்துக்கொள்கிறார், கூடவே 1,05,000 வட்டியையும் காட்டுகிறார். இரண்டு பக்கமும் தொகை ஒரு ரூபாய் மாறாமல் பொருந்த வேண்டும். ஐ.டி.ஆர்-1 என்ற எளிய படிவத்தில் இந்தக் கட்டங்கள் கிடையாது, அதனால் இருவரும் ஐ.டி.ஆர்-2 போட வேண்டியிருக்கும். மகன் சம்பளக்காரர்தானே என்று வழக்கம்போல ஐ.டி.ஆர்-1 போட்டால் இந்த இடத்தில் வழி அடைத்துவிடும். அம்மாவும், வரி இல்லையே நான் எதற்கு ரிட்டர்ன் போட வேண்டும் என்று இருந்துவிட்டால் 10,500 வராது.

அடுத்தது ஏ.ஐ.எஸ். மகனின் அறிக்கையில் 1,05,000 வட்டி இருக்கிறது, ரிட்டர்னில் இல்லை. துறையின் கணினி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லையே என்று செய்தி அனுப்பலாம். அது வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே பதில் சொல்ல வருமான வரித் துறையின் இணையதளத்திலேயே வசதி உண்டு. ஏ.ஐ.எஸ்ஸில் அந்த வட்டிப் பதிவுக்கு எதிரே கருத்துத் தெரிவிக்கும் இடத்தில் `Information relates to other PAN/Year` என்பதைத் தேர்ந்து, அம்மாவின் பானையும் தொகையையும் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்ததனால் மட்டும் எல்லாம் முடிந்ததாக ஆகாது, வங்கியிடம் உறுதி கேட்கப்படலாம், ஆனால் உங்கள் பக்கத்து விளக்கம் பதிவாகிவிடும்.

விளக்கம் சொன்னால் போதாது, கேட்டால் காட்ட வேண்டும். இந்த விஷயத்தில் ஆதாரம் என்பது ஒன்றே ஒன்றுதான்: பணம் வந்த வழி. அம்மாவின் ஓய்வுக்காலப் பணம் அவருடைய சேமிப்புக் கணக்கில் விழுந்து, அங்கிருந்து நேராக எஃப்.டி.க்குப் போயிருந்தால் பாஸ்புக்கின் இரண்டு வரிகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும். நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், மொபைலில் எஃப்.டி. போடுவது சுலபம் என்று அம்மா 15 லட்சத்தை மகன் கணக்குக்கு மாற்றுவார், அங்கே மகனின் சம்பளம், கடன் தவணை, பங்குச் சந்தைப் பணம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், இரண்டு மாதம் கழித்து அதிலிருந்து 15 லட்சம் எஃப்.டி.க்குப் போகும். இப்போது அது யார் பணம்? அம்மாவுடையதுதான் என்று சொல்லலாம், நிரூபிப்பதுதான் கஷ்டம். அந்த 15 லட்சத்தை அம்மா மகனுக்கே கொடுத்துவிட்டார் என்று அதிகாரி எடுத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது.

வட்டி மகனின் சேமிப்புக் கணக்கில் வரவாகி, அவரே செலவு செய்துவிட்டால் அது மகனின் வருமானம் ஆகிவிடுமா என்றும் கேட்பார்கள். ஆகாது. மரம் என்னுடையது, பழத்தை நீ எடுத்துக்கொள் என்றால் பழத்துக்கான வரி மரத்துக்காரருக்குத்தான். 1961 வருமான வரிச் சட்டத்தின் 60-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது: சொத்தைக் கொடுக்காமல் அதிலிருந்து வரும் வருமானத்தை மட்டும் இன்னொருவருக்குக் கொடுத்தால், அது கொடுத்தவரின் வருமானம். 1,05,000 முதலில் அம்மாவின் வருமானம், அதற்குப் பிறகு அம்மா மகனுக்குக் கொடுத்தது. (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. நாம் பார்க்கும் ஆண்டுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.)

இனி திருப்பிப் போட்ட கணக்கு. 15 லட்சம் மகனுடையது. அம்மாவுக்கு வரி வராது, மூத்த குடிமக்களுக்கு வட்டியும் அரை சதவீதம் கூட, அதனால் அம்மா பெயரை முதலில் போட்டு எஃப்.டி. ஆரம்பிக்கிறார். மூத்த குடிமக்களுக்கு டி.டி.எஸ். வரம்பு ஒரு லட்சம், அதையும் தாண்டினால், எனக்கு வரி வராது, டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குச் சொல்லும் 15H படிவம் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு. இப்படிச் செய்பவர்கள் ஏராளம், இதைப் புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. வட்டி மகனுடையதுதான், அவர் ரிட்டர்னில்தான் வர வேண்டும். 15H-இல் சிறு எழுத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்: இதில் சொன்ன வருமானம் 60 முதல் 64 வரையிலான பிரிவுகளின்படி வேறு யாருடைய வருமானத்திலும் சேராது என்று கையெழுத்துப் போடுபவர் உறுதி சொல்கிறார். எழுபதை நெருங்கும் ஒரு அம்மாவைத் தெரியாமல் தவறான உறுதிமொழியில் கையெழுத்துப் போட வைப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

மகன் உண்மையிலேயே அம்மாவுக்குக் கொடுக்க விரும்பினால் நேர்வழி இருக்கிறது. பணத்தை அம்மாவின் சொந்தக் கணக்குக்கு மாற்றி, பரிசாகக் கொடுத்ததாக இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, அம்மா தன் கணக்கிலிருந்து எஃப்.டி. போடலாம். பெற்றோருக்குப் பரிசு கொடுத்தால் வாங்குபவருக்கும் வரி இல்லை, அதன் வட்டியும் கொடுத்தவர் வருமானத்தில் திரும்பச் சேராது. ஆனால் அது அதற்குப் பிறகு நிஜமாகவே அம்மாவின் பணம். அவர் அதை மகளுக்குக் கொடுக்கலாம், கோயிலுக்கு எழுதிவைக்கலாம், மகன் கேட்க முடியாது. அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் அது பரிசு இல்லை.

கணவன் மனைவிக்கு இந்த வழியும் கிடையாது. கணவர் தன் பணத்தை மனைவி பெயரை முதலில் போட்டு எஃப்.டி. போட்டாலும், பரிசாகவே மனைவி கணக்குக்கு மாற்றிக் கொடுத்து அவர் எஃப்.டி. போட்டாலும், வட்டி கணவரின் வருமானத்தில்தான் சேரும். முதலாவதில் பணமே கணவருடையது. இரண்டாவதில் பணம் மனைவியுடையது, ஆனால் 64-வது பிரிவு வட்டியைக் கணவர் பக்கம் கொண்டுவந்து சேர்க்கிறது. மனைவி கணவருக்குக் கொடுத்தாலும் இதே கதைதான். ஒரு நுட்பமான வித்தியாசம் உண்டு. உண்மையான பரிசாக இருந்தால், அதில் வந்த வட்டியை மனைவி எடுத்து வேறு எஃப்.டி. போடும்போது, அந்த இரண்டாவது எஃப்.டி.யின் வட்டி மனைவியுடையது. வெறும் ஜாயின்ட் பெயர் மட்டும் என்றால் அதுவும் கணவருடையதே.

இருவருமே பணம் போட்டிருந்தால் போட்ட விகிதத்தில் பிரித்துக் காட்ட வேண்டும், 10 லட்சமும் 5 லட்சமும் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு பங்கு. அதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

நம் குடும்பத்துக்கு வருவோம். அவர்கள் ஆரம்பத்திலேயே அம்மா பெயரை முதலில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டியைப் பொதுவாக முதல் பெயர்க்காரரின் வயதைப் பார்த்துத்தான் வங்கிகள் தருகின்றன. 7.5 சதவீதம் என்றால் வட்டி 1,12,500, அதாவது வருடத்துக்கு 7,500 அதிகம். பென்ஷனோடு கூட்டிக் கழிவு போனால் 3,97,500, அப்போதும் வரி இல்லை. 15H-ஐ அம்மா நியாயமாகவே கொடுக்கலாம், டி.டி.எஸ்ஸே பிடிக்க மாட்டார்கள், 37BA கடிதமும் வேண்டாம், ஐ.டி.ஆர்-2-ம் வேண்டாம். மகன் பெயர் இரண்டாவதாக இருந்தாலும் 'ஈதர் ஆர் சர்வைவர்' என்றால் வங்கி வேலைகளை அவரே பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே தவறான வரிசையில் போட்டவர்கள், இருவரும் கையெழுத்திட்டு மாற்றித் தரக் கேட்டுப் பார்க்கலாம், வங்கி மறுத்தால் முதிர்வு நாளில் புதுப்பிக்காமல் அம்மா பெயரை முதலில் போட்டுப் புதிதாகத் தொடங்குவது சுலபம்.

கடைசியாக, பலர் பேசத் தயங்கும் ஒரு நிலைமை. அம்மா இறந்துவிடுகிறார். வங்கி எஃப்.டி. பணத்தை உயிரோடு இருக்கும் மகனிடம் கொடுத்துவிடும், வங்கியின் வேலை அத்தோடு முடிந்தது. இறந்த தேதி வரை சேர்ந்த வட்டி அம்மாவின் வருமானம், சட்டப்படியான வாரிசாகத் தளத்தில் பதிவு செய்துகொண்டு மகனோ மகளோ அம்மா பெயரில் அந்த ரிட்டர்னைப் போட வேண்டும். அதன் பிறகு வரும் வட்டி முழுவதும் மகனுடையதா? பணம் வங்கியிலிருந்து அவர் கைக்கு வந்தது என்பதனால் மட்டும் அவருடையது ஆகிவிடாது. அம்மா உயில் எழுதாமல், அப்பாவும் முன்பே காலமாகி, ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கும் இந்துக் குடும்பம் என்றால் இருவருக்கும் சரிபாதி. எஃப்.டி. ரசீதில் தங்கையின் பெயர் எங்கேயும் இல்லாவிட்டாலும், பாதிப் பணம் அவருடையது, அந்தப் பாதியின் வட்டி அவருடைய ரிட்டர்னில் வர வேண்டிய வருமானம்.